150 வீட்டுக்கு எத்தனை கேஎல்டி எஸ்டிபி போட வேண்டும்?

கேள்வி: சென்னை ஓஎம்ஆர் பக்கம் 150 வீடுள்ள அப்பார்ட்மென்ட். இப்போது 130 வீட்டில் ஆள் இருக்கிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பழைய எஸ்டிபியின் நாற்றம் தாங்கவில்லை, புதிதாகப் போடப் போகிறோம். மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டதில் ஒருவர் 60 கேஎல்டி, அதாவது நாளைக்கு 60 கிலோலிட்டர், ஒருவர் 90, ஒருவர் 120 என்கிறார். எது சரி? தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் எத்தனை ஹெச்பி? சுத்திகரித்த தண்ணீரை ஃப்ளஷ்ஷுக்கும் சுமார் 1,000 சதுர மீட்டர் தோட்டத்துக்கும் விட்டால் லாரியில் வெளியே அனுப்புவது நின்றுவிடுமா? எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை.

பதில்:

மூன்று பேருமே ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு இடத்தில் நிறுத்திவிட்டார்கள். 90 சொன்னவர் 150 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று எடுத்திருப்பார். அது 1,01,250 லிட்டர். அதில் 90 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று வைத்தால் 91 கிலோலிட்டர். அனுமதிக் கோப்புகளில் போடுகிற கணக்கு இதுதான். 120 சொன்னவர் அந்த 101-ஐ அப்படியே எடுத்து மேலே 20 சதவீதம் ‘சேஃப்டி’ சேர்த்திருக்கிறார். 60 சொன்னவர் இப்போதுள்ள 130 வீட்டை மட்டும் எடுத்து, வீட்டுக்கு 3.5 பேர் என்று போட்டிருக்கிறார்; 61 வரும். யாரும் உங்கள் தொட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

135 லிட்டர் என்பது தேசியக் கட்டடக் குறியீட்டில் உள்ள எண். அதில் 45 லிட்டர் ஃப்ளஷ்ஷுக்கு, மீதி 90 மற்ற எல்லாவற்றுக்கும். புதிதாகக் கட்டும் இடத்தில் இதை விட்டால் வேறு வழியில்லை. உங்களுடையது ஆள் குடியிருக்கிற இடம், அதனால் அளந்தே பார்த்துவிடலாம். செலவு ஒரு டேப்பும் இரண்டு நாள் பொறுமையும்தான்.

கழிவு முதலில் வந்து சேரும் தொட்டியை ஈக்வலைசேஷன் டேங்க் என்பார்கள். அதன் உள் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 5 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் பரப்பு 15 சதுர மீட்டர், அதாவது மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 150 லிட்டர் வந்திருக்கிறது. ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் மட்டும் அங்கிருந்து எடுக்கும் பம்பை நிறுத்தச் சொல்லுங்கள், மட்டம் எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள், நான்கால் பெருக்குங்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, இரண்டும் வேண்டும். முடிந்தால் நல்ல மழை பெய்கிற நாளிலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். மொட்டை மாடி மழைநீர்க் குழாயை யாரோ கழிவுநீர் சேம்பரில் கோத்துவிட்டிருப்பது சென்னையில் சர்வ சாதாரணம். மழை நாளில் வரத்து ஒன்றரை மடங்கானால் அதற்காகப் பெரிய எஸ்டிபி வாங்க வேண்டாம். அந்தக் குழாயைத் தேடிப் பிடித்துப் பிரித்துவிடுங்கள்.

நீங்கள் அளக்கும்வரை ஒரு உத்தேசத்தோடு போகலாம். 130 வீடு, வீட்டுக்கு 3.3 பேர் என்றால் 430 பேர். வீட்டுக்கு வீடு மீட்டர் இல்லாத இடத்தில் ஆளுக்கு 150 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே போவதை நான் பார்த்திருக்கிறேன். ஃப்ளஷ் ஆளுக்கு 30 லிட்டர் என்றால் 13 கிலோலிட்டர். போர், லாரி என்று வரும் புதுத் தண்ணீர் 53. புதுத் தண்ணீரில் 85 சதவீதம், ஃப்ளஷ் முழுவதும் திரும்பி வரும்: 45-ம் 13-ம் சேர்த்து 58 கிலோலிட்டர். உங்கள் டேப் அளவு இதற்கு அருகில் வந்தால் சரி. 75 காட்டினால் எங்கேயோ ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. 40 காட்டினால், வழியில் எந்தக் குழாய் உடைந்து மண்ணுக்குள் போகிறது என்று பாருங்கள்.

ஆக, இன்றைய தேவை 58. இருபது வீடும் நிரம்பி, விருந்தாளிகள் வரும் ஞாயிறு என்றால் 75, 80 போகும். 60 போட்டால் முதல் நாளே விளிம்பில் நிற்பீர்கள். 120 போட்டால் பாதிச் சுமையில்தான் ஓடும். தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போதாமல் கசடு பொடிப்பொடியாக உடைந்து, படியாமல் தெளிந்த நீரோடு மிதந்து போகும். எஸ்டிபி பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் கவனிக்காத இடம் இது. என் யோசனை 90, ஆனால் ஒரே தொட்டியாக வேண்டாம். 45, 45 என்று இரண்டு வரிசையாகக் கட்டச் சொல்லுங்கள். ஒரு வரிசையில், அடியிலிருந்து காற்றைக் குமிழாக விடும் டிஃப்யூசரை மாற்றும்போது மற்றது ஓடும். இப்போது உங்களுக்கு அந்த வசதி இல்லாததால்தான் பழுது பார்ப்பதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு நாற்றத்தில் வந்து நின்றிருக்கிறது என்பது என் ஊகம்.

சரி, கேஎல்டியை முடிவு செய்துவிட்டோம். உண்மையில் அப்பார்ட்மென்ட் எஸ்டிபிகள் கெட்டுப்போவது அந்த எண்ணால் அல்ல, ஈக்வலைசேஷன் டேங்கைச் சின்னதாகக் கட்டுவதால். கொட்டேஷனில் ‘4 மணி நேரம்’ என்று ஒரு வரி இருக்கும். 90-ஐ 24-ஆல் வகுத்து நான்கால் பெருக்கினால் 15 கிலோலிட்டர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. காலை 6 மணியிலிருந்து அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

குளியல், துவைப்பு, சமையல் எல்லாம் சேர்ந்து 6 முதல் 10 மணிக்குள் ஒரு நாளின் கழிவில் சுமார் 40 சதவீதம் வந்துவிடும். 90-ல் 40 சதவீதம் 36 கிலோலிட்டர், அதாவது மணிக்கு 9. எஸ்டிபி ஒரு நாளில் 20 மணி நேரம் ஓடும் என்று வைத்தால், தொட்டியிலிருந்து பம்ப் சீராக எடுப்பது மணிக்கு 4.5. மிச்சம் 4.5 ஒவ்வொரு மணி நேரமும் தொட்டியில் தங்குகிறது. 15 கிலோலிட்டர் தொட்டியின் அடியில் பம்ப் எட்டாத ஐந்து போனால் பயன்படுவது 10. ஆறு மணிக்குத் தொட்டி காலியாக இருந்தாலும் எட்டேகாலுக்கு நிரம்பிவிடும்.

அப்போது ஆபரேட்டர் என்ன செய்வார்? வழிந்தால் திட்டு விழும். இரண்டாவது பம்பையும் போடுவார். இப்போது மணிக்கு 9 கிலோலிட்டர் காற்றூட்டும் ஏரேஷன் டேங்க் வழியாகப் பாய்ந்து, கசடு படிய வேண்டிய செட்லிங் டேங்குக்குப் போகிறது. அங்கே அடியில் படிந்திருந்த கசடு மேலெழுந்து வழிந்து, மணல் ஃபில்டரை அடைக்கிறது. பத்து மணிக்கு ஃபில்டர் கேஜ் ஏறிப்போய், அவர் பைபாஸைத் திறந்துவிடுவார். பன்னிரண்டு மணிக்கு உங்கள் கமோடில் பழுப்புத் தண்ணீர். செயலாளரின் போனுக்குப் புகார் வரும்போது எல்லோரும் ஃபில்டரைக் குறை சொல்வார்கள். இதே மாதிரி ஓரிடத்தில் ஒரு வருடத்தில் இரண்டு முறை மணலும் கார்பனும் மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்குப் போய் நின்று பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

நான்கு மணி நேரத்தில் தங்கும் 18, அடியில் நிற்கும் 5, மின்சாரம் போனால் தாங்க ஒரு ஆறு ஏழு, ஆக 30 கிலோலிட்டர் தொட்டி வேண்டும். பழைய தொட்டிகளை இடிக்காமல் இதற்குச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும். பம்பை ஒரு வால்வால் சரியாக 4.5-க்குக் கட்டி, அந்த வால்வின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்து காற்று. ‘எத்தனை ஹெச்பி’ என்று கேட்டால் சரியான பதில் வராது. எத்தனை கன மீட்டர் காற்று, எந்த அழுத்தத்தில் என்று கேளுங்கள். கணக்கு இப்படி. வீட்டுக் கழிவில் பிஓடி லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று எடுக்கலாம். கழிவைத் தின்று செரிக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு அது. 90 கிலோலிட்டருக்கு 27 கிலோ பிஓடி. நீண்ட நேரம் காற்றூட்டும் முறையில், அமோனியாவையும் சேர்த்து முறிக்க, கிலோவுக்கு சுமார் 2 கிலோ ஆக்சிஜன் வைத்தால் 54 கிலோ.

ஒரு கன மீட்டர் காற்றில் ஆக்சிஜன் 0.276 கிலோ இருக்கிறது. அதில் தண்ணீருக்குள் கரைவது கொஞ்சம்தான். நுண்குமிழ் டிஃப்யூசர், அதற்கு மேல் சுமார் 3.2 மீட்டர் தண்ணீர் என்றால், சுத்தமான தண்ணீரில் சோதித்த கேட்டலாக்கில் 16 சதவீதத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். கழிவுநீரில், சோப்பும் எண்ணெயும் கலந்த நிலையில், 8 சதவீதம்தான் நம்பலாம். அதாவது கன மீட்டருக்கு 22 கிராம். 54 கிலோவுக்கு நாளைக்கு சுமார் 2,450 கன மீட்டர் காற்று. 22 மணி நேரம் ஓடினால் மணிக்கு 110. ஈக்வலைசேஷன் டேங்கிலும் காற்று விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டை நாற்றம் அங்கேதான் பிறக்கும். அதற்கு ஒரு 36. மொத்தம் 150 என்று வையுங்கள். தண்ணீரின் கனம், குழாய், டிஃப்யூசர் இழப்பு எல்லாம் சேர்த்து 0.4 பார் அழுத்தம். இதற்கு ஓடும்போது 3 கிலோவாட் அளவுக்கு இழுக்கும், 5 ஹெச்பி மோட்டார் போதும். நாளைக்கு 66 யூனிட். கேட்டலாக்கின் 16 சதவீதத்தை வைத்து எவராவது 3 ஹெச்பி கொடுத்திருந்தால், அந்தக் கொட்டேஷன் மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்றைய சுமை 58 என்பதால் இந்தக் காற்று முழுவதும் இப்போது வேண்டாம். மோட்டாருக்கு விஎஃப்டி வைத்து வேகத்தைக் குறைத்து ஓட்டலாம், அல்லது 75 கன மீட்டர் ப்ளோயர் மூன்று வாங்கி, முழுச் சுமை வரும்போது இரண்டு ஓட, ஒன்று காத்திருக்க வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், பழுது பார்க்க எளிது. கரன்ட் பில்லைக் குறைக்க இரவு பதினொன்றுக்கு ப்ளோயரை அணைத்து விடியற்காலை போடுவது மட்டும் வேண்டாம். அரை மணி, முக்கால் மணி நிறுத்தி ஓட்டுவதை பாக்டீரியா தாங்கும். ஆறு மணி நேரம் தாங்காது.

காற்று போதுகிறதா என்று தெரிந்துகொள்ள லேபுக்கு ஓட வேண்டியதில்லை. ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் மொண்டு, அசைக்காமல் அரை மணி நேரம் வையுங்கள். நன்றாக ஓடும் தொட்டியில் கசடு காபிக்கொட்டை நிறத்தில் மெதுவாக ஒன்றுசேர்ந்து கீழே இறங்கி 250 முதல் 400 மில்லியில் நிற்கும், மேலே தெளிந்த நீர் இருக்கும், மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும். கறுப்பாக இருந்து அழுகல் வாடை அடித்தால் காற்று போதவில்லை. 800-லேயே நின்றுவிட்டால் கசடு அதிகம், அல்லது படியாத வகைக் கசடு வளர்ந்திருக்கிறது. 50-தான் இருந்தால் தொட்டியில் வேலை செய்ய ஆளே இல்லை என்று அர்த்தம். காற்றுக் குழாயில் ஒரு அழுத்தக் கேஜும் வையுங்கள். புதிதில் 0.4 காட்டியது 0.5-ஐத் தொட்டால் டிஃப்யூசர் சவ்வு அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர்ப் பரப்பில் ஒரே இடத்தில் பெரிய குமிழாகக் கொதிக்கிறதென்றால் அங்கே சவ்வு கிழிந்திருக்கிறது.

அந்த டிஃப்யூசரை மேலிருந்தே தூக்கி எடுக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். தரையில் திருகிவிட்டால் மாற்ற ஒருவர் தொட்டிக்குள் இறங்கியாக வேண்டும். அந்தத் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கி நிற்கும், இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், பொறுப்பு சங்கத்தின் மேல்தான் வரும்.

கடைசிக் கேள்விக்கு வருவோம். இல்லை, லாரி நிற்காது. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஃப்ளஷ்ஷுக்கு விட்ட தண்ணீர் தீர்ந்துபோவதில்லை, பத்து நிமிடத்தில் எஸ்டிபிக்கே திரும்பி வருகிறது. புதுத் தண்ணீர் செலவை அது மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். உண்மையில் வெளியேறுவது தோட்டத்துக்கும் தரை கழுவவும் போவது மட்டும். 1,000 சதுர மீட்டர் தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் 5 கிலோலிட்டர், தரை, கார் எல்லாம் சேர்த்து ஒன்று. 58-ல் ஃப்ளஷ்ஷுக்கு 13, இவற்றுக்கு 6 போக, 39 கிலோலிட்டர் மிஞ்சும். பத்தாயிரம் லிட்டர் லாரி தினம் நான்கு. இது மே மாதக் கணக்கு. நவம்பர் மழையில் தோட்டத்துக்கு ஒரு சொட்டும் வேண்டாம், 44-ஆகிவிடும். லாரி ஒப்பந்தத்தை நவம்பரை வைத்துப் போடுங்கள். மிச்சத்தை மழைநீர் சேகரிப்புக் கிணற்றில் விடலாமா என்று யாராவது பொதுக்குழுவில் கேட்பார்கள், கட்டாயம் வேண்டாம். அதே நீரைத்தான் உங்கள் போரில் எடுக்கப்போகிறீர்கள்.

லாரியைக் குறைக்க நல்ல வழி எஸ்டிபி அறையில் இல்லை. வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்துப் பாருங்கள். புதுத் தண்ணீர் 53-லிருந்து 42-ஆகக் குறைந்தால் திரும்பி வருவது 36. அதில் தோட்டமும் தரையும் போக 30 மிஞ்சும். உள்ளே வரும் லாரி ஒன்று, வெளியே போகும் லாரி ஒன்று, இரண்டும் தினமும் மிச்சம். மீட்டர் செலவை அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஃப்ளஷ் தண்ணீர் பற்றி இரண்டு விஷயம். ஒரு சுற்றுக்கு வீடுகள் சுமார் 300 டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு 300 மில்லிகிராம் கரைந்த உப்பு, சேர்க்கும் என்று வையுங்கள். அதே நீர் சுற்றிச் சுற்றி வந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகுமா என்று பயப்படுவார்கள். உங்கள் கழிவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஃப்ளஷ்ஷாகச் சுற்றுகிறது, மீதி புதிதாக வருவது. அதனால் புதுத் தண்ணீரைவிட 400 கூடுதலாக ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனால் ஓஎம்ஆர் போர் தண்ணீரே 1,200 என்றால் இது 1,600. கமோடில் வெள்ளைப் படிவு வரும், தோட்டத்தில் ரோஜா நிற்காது, அரளியும் காகிதப் பூவும் நிற்கும்.

இரண்டாவது, குழாய். ஃப்ளஷ்ஷுக்கான மேல்நிலைத் தொட்டியும் குழாயும் வேறு நிறத்தில், முற்றிலும் தனியாக இருக்க வேண்டும். தண்ணீர் வராத ஒரு நாளில் பிளம்பர் அவசரத்துக்கு இரண்டையும் ஒரு வால்வால் இணைத்துவிட்டுப் போயிருப்பார், யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஃப்ளஷ் தொட்டியில் சமையலுக்கான நீல நிறப் பொடியை நன்றாகக் கலந்துவிட்டு, வீடு வீடாகச் சமையலறைக் குழாயைத் திறந்து வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். லேசாக நீலம் தெரிந்தாலும் அந்த வரிசையின் குழாயை உடனே மூடுங்கள். இந்த நீருக்கு யூவி மட்டும் போதாது, கொஞ்சம் குளோரினும் மிஞ்சி நிற்க வேண்டும். யூவி விளக்கைத் தாண்டியதும் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது, குழாய்க்குள் வழுவழுப்புப் படியத் தொடங்கிவிடும். சுத்திகரித்த நீர்த் தொட்டியை ஒரு நாள் தேவைக்கு மேல், உங்களுக்கு 20 கிலோலிட்டருக்கு மேல், கட்ட வேண்டாம். தேங்கினால் தெளிந்த நீரும் நாறும்.

ஒப்பந்தம் போடும்போது கடைசித் தவணையில் ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள். புதுத் தொட்டியில் கசடு வளர மூன்று, நான்கு வாரம் ஆகும். நன்றாக ஓடும் வேறு எஸ்டிபியிலிருந்து கசடு கொண்டுவந்து ஊற்றினால் சீக்கிரம் ஆகும். அதன் பிறகு ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சொல்லாமல் போய், ஃபில்டருக்கு முன்னால் செட்லிங் டேங்கில் வழியும் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். டம்ளருக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடிந்தால் அதே மாதிரியை லேபுக்கும் அனுப்பி, உங்கள் அனுமதி ஆணையில் எழுதியுள்ள பிஓடி அளவோடு ஒப்பிட்டுவிட்டு, பிடித்து வைத்த பணத்தைக் கொடுங்கள்.